பழையதில் உண்டு, புதியதில் இல்லை

எங்கள் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அப்புறம்தான் வாய் திறப்பார். புதிய ஆப் வந்த பதின்மூன்றாவது நாள் காலை பத்து மணிக்குள் மூன்று முறை கண்ணாடி மேசைக்கு வந்துவிட்டது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது எங்கள் தங்கபுஷ்பம் வாட்டர் சப்ளை. தங்கபுஷ்பம் அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி பெயர் அய்யாத்துரை, சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். மீஞ்சூருக்கு அந்தப் பக்கமிருந்து இருபது லிட்டர் கேன்கள் லாரியில் வந்து இறங்கும். இங்கிருந்து வீடு வீடாகப் போகும். எங்கள் பகுதியில் குழாயில் வருவதைத் துணி துவைக்கலாம், கால் கழுவலாம். வாயில் வைப்பவர்கள் குறைவு. அதனால் பெரும்பாலான வீடுகளுக்கு நிரந்தர ஆர்டர்தான். போன் பண்ண வேண்டாம், கூப்பிட வேண்டாம், மூன்று நாளுக்கு ஒருமுறை கேன் வாசலுக்கு வந்துவிடும்.

என் பெயர் குணசுந்தரி. வயது நாற்பத்தாறு. பதினோரு வருஷமாக இங்கே கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தேரடிக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தங்கை கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்ட்டியாக்கா?" என்று கேட்பாள். அடுப்பே பற்ற வைக்காத நாளிலும் "ஆச்சு" என்றுதான் சொல்வேன். இல்லை என்று சொன்னால் அவளுக்குக் கவலை, எனக்கு அறிவுரை. இரண்டும் யாருக்கு வேண்டும்?

அன்றைக்குக் கண்ணாடி கழன்றது உதயாவுக்காக. உதயா எங்கள் புதிய டெலிவரி ஆள். முப்பது வயது, மோட்டார் பூட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டு எர்ணாவூர்ப் பக்கம் போகிறவர். அந்த லைனில் பதினான்கு வருஷம் ஓடிய எத்திராஜ் அண்ணன் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் படுத்துவிட்டார். ஆப் தொடங்கிய மறுநாளே படுத்தார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் உதயா.

"வீட்ட விட்டுட்டு விட்டுட்டு வாரான், கேட்டா லிஸ்டுல இல்லைங்கான்" என்றார் அண்ணாச்சி. "இன்னைக்கு ஒருத்தி இங்கயே வந்து மானத்த வாங்கிட்டா. ஏல உதயா, நாளைல இருந்து நீ வேற எடம் பாத்துக்க."

"மெய்யாலுமே லிஸ்ட்ல இல்ல மொதலாளி. போன்ல இன்னா வூடு காட்டுதோ அங்கதான் போறேன். காட்டாத வூட்டுக்கு நான் எப்டி போவேன்?" என்று உதயா போனை நீட்டினார். அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை. கண்ணாடிதான் மேசைமேல் இருக்கிறதே.

"அறுநூத்தி முப்பத்தெட்டும் ஏறிட்டுன்னு அன்னைக்கே மெசேஜ் வந்துட்டுல்லா குணா?"

வந்தது. நானே பார்த்தேன். பழைய எக்ஸெல் பட்டியலை ஆப்புக்கு ஏற்றியபோது, 638 வரிகள் வெற்றிகரமாக ஏற்றப்பட்டன என்று பச்சை எழுத்தில் வந்தது. நான்தான் கைதட்டினேன், அண்ணாச்சி எல்லாருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

ஆனாலும் உதயா முகத்தைப் பார்த்தபோது பொய் தெரியவில்லை. பொய் சொல்கிறவர் போனை இப்படி நீட்ட மாட்டார். "ரெண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் அனுப்புங்க அண்ணாச்சி. சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க" என்றேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதுதான் சம்மதம்.

ஆப்பிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலை இறக்கினேன். 621 பேர். பழையதில் 638. பதினேழு குறைவு. அண்ணாச்சி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "பதினேழுதான? காலி பண்ணிட்டுப் போயிருப்பாவ" என்றார். எண்ணிக்கையைக் கழித்தால் ஆட்கள் தெரிய மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தப் பதின்மூன்று நாளில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அந்த 621-க்குள்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு வரியாகத் தேடத்தான் வேண்டும், இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும்.

இரண்டையும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்துத் தாளில் வைத்தேன். போன் நம்பரை வைத்துத் தேடச் சொல்லி வீலுக்கப் என்ற எக்ஸெல் சூத்திரத்தைப் போட்டேன். பெயரை வைத்துத் தேட முடியாது. எங்கள் பட்டியலில் லட்சுமி மட்டும் இருபத்திரண்டு பேர். தேடிய நம்பர் கிடைக்காத வரியில் எக்ஸெல் என்.ஏ. என்று போடும். முதல் வரி என்.ஏ., இரண்டாவது என்.ஏ., கடைசி வரை என்.ஏ.தான். அறுநூற்று முப்பத்தெட்டு பேரையும் காணோம் என்றது.  பிறகுதான் புரிந்தது. ஆப்பிலிருந்து இறங்கிய நம்பர்கள் எழுத்தாக இறங்கியிருக்கின்றன, என்னுடையவை எண்ணாக இருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் எக்ஸெலுக்கு வேறு வேறு. அந்தத் தாள் முழுவதையும் எண்ணாக மாற்றிவிட்டு மறுபடி போட்டேன்.

இப்போது ஒரு என்.ஏ.கூட இல்லை. பழைய பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு போன் நம்பரும் புதியதில் இருக்கிறது. எதிர்ப்பக்கமாகவும் தேடினேன். புதியதில் மட்டும் இருப்பவர்கள் எட்டுப் பேர்.

"பாத்தியா? யாரும் விடுபடல. அந்தப் பய பொய்தான் சொல்லுதான்" என்றார் அண்ணாச்சி.

நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் பழைய 638 பேரும் அங்கே இருந்து, புதிதாக எட்டுப் பேரும் சேர்ந்திருந்தால் 646 வர வேண்டும். இருப்பதோ 621. இருபத்தைந்து பேர் எங்கோ இருக்கிறார்கள், ஆனால் தேடினால் இருப்பதாகச் சொல்கிறது. இது என்ன கண்கட்டு வித்தை என்று எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்தால் நான் டீ குடிக்கப் போக மாட்டேன், உட்கார்ந்தே தீர்ப்பேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் அட்டை உண்டு, அட்டைக்கு ஒரு எண் உண்டு. ஒரு எண் ஒருவருக்குத்தான். ஆப்பில் ஏற்றும்போது அதையும் குறிப்பு என்ற இடத்தில் போட்டிருந்தேன். போனை விட்டுவிட்டு இப்போது அட்டை எண்ணை வைத்துத் தேடினேன். இருபத்தைந்து இடத்தில் என்.ஏ. வந்து நின்றது.

அந்த இருபத்தைந்தையும் தனியாக எடுத்துப் போன் நம்பர்களைப் பார்த்தேன். அப்போதுதான் கண்டுபிடித்தேன், தப்பு யாருடையது என்று. என்னுடையது.

அந்த ஆப்புக்கு ஆள் என்றால் போன் நம்பர்தான். ஒரு நம்பருக்கு ஒரு ஆள். அதே நம்பரோடு இன்னொரு வரி வந்தால், முன்னால் இருந்தவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் இவரை எழுதிவிடும். மூன்றாவது வந்தால் இரண்டாமவர் போவார். கடைசியாக வந்தவர் மட்டும் மிஞ்சுவார். 638 வரிகளும் ஏறியது உண்மைதான். ஏறிய பிறகு ஒருவர்மேல் ஒருவர் உட்கார்ந்துவிட்டார்கள். போன் நம்பரை வைத்துத் தேடினால் எப்படித் தெரியும்? மிஞ்சிய ஆளிடம் அந்த நம்பர் இருக்கிறதே.

பத்து வரிகள் குடும்ப நம்பர்கள். மகன் நம்பரில் அப்பா வீடு, அக்கா நம்பரில் தங்கை வீடு. பதினான்கு வரிகளில் இருந்தது ஒரே நம்பர், எத்திராஜ் அண்ணனுடையது. போன் இல்லாதவர்கள், இருந்தும் கொடுக்கப் பிடிக்காதவர்கள் எல்லாருக்கும் அவர் தன் நம்பரைத்தான் கொடுப்பார். "நான் தானம்மா போவப் போறேன். என் நம்பரே போட்டுக்கோ" என்பார். நானும் ஒவ்வொரு முறையும் மேல் வரியில் இருப்பதை இழுத்துக் கீழே விட்டேன். மொத்தம் பதினைந்து பேர். கடைசியாக இருந்த அப்பாவு மட்டும் ஆப்பில் மிஞ்சினார். அவர் எத்திராஜ் அண்ணனின் எதிர்வீட்டுக்காரர். மீதிப் பதினான்கு பேரின் கதவும் படியும் எத்திராஜ் அண்ணனின் தலைக்குள் மட்டும்தான் இருந்தன. அவர் ஓடிக்கொண்டிருந்திருந்தால் பட்டியல் இல்லாமலே கேன் போயிருக்கும்.

பத்தும் பதினான்கும் இருபத்து நான்கு. இருபத்தைந்தாவது வரியில் அட்டை எண் 211, குணசுந்தரி, தேரடிப் பின்தெரு.

சிரிப்புதான் முதலில் வந்தது. வேலை செய்கிறவர்களுக்கு அண்ணாச்சி கேன் கொடுப்பது வழக்கம். என் வரியில் நான் ஆபீஸ் நம்பரைப் போட்டிருந்தேன், என் வீட்டுக்கு யார் போன் பண்ணப் போகிறார்கள் என்று. அதே ஆபீஸ் நம்பரில் கீழே பேருந்து நிறுத்தத் தண்ணீர்ப் பந்தலுக்கும் ஒரு வரி இருந்தது. பந்தல் என்மேல் உட்கார்ந்துவிட்டது.

பன்னிரண்டு நாளாக எனக்குக் கேன் வரவில்லை. எனக்குத் தெரியாமலா? முதல் முறை வராதபோதே தெரிந்தது. ஆப் வந்த அன்று அண்ணாச்சி, "இனிமே எல்லாம் கணக்கா இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். சரி, ஊழியர்களுக்கான கேனை நிறுத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர். கேட்கவில்லை. பதினோரு வருஷம் வேலை செய்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தினாரே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு, தினமும் சாயங்காலம் கடையில் இரண்டு பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தண்ணீரை விற்கிற இடத்தில் வேலை, குடிக்கிற தண்ணீர் பெட்டிக் கடையில். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்வதற்கும் யாரும் இல்லை.

அண்ணாச்சியிடம் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியோடு பார்த்தார். உதயாவைக் கூப்பிட்டு, "ஏல, கோவத்துல சொல்லிட்டேன்" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிது. என் வரி வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்குமா வரல? வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டு, என் வரியில் முதல் தடவையாக என் சொந்த நம்பரைப் போட்டு ஆப்பில் ஏற்றினேன்.

புகார் நோட்டை எடுத்து இருபத்து நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குடும்ப நம்பர்க்காரர்கள் பத்துப் பேரும் ஏற்கெனவே போனில் கத்தி, கையோடு கேன் வாங்கிவிட்டார்கள். எத்திராஜ் அண்ணனின் பதினான்கில் பத்துப் பேர் நேரில் வந்து சண்டை போட்டு வாங்கிப்போனவர்கள். மிச்சம் நான்கு பேர். எத்திராஜ் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"மூணு பேரு எனக்கு போன் பண்ணாங்கம்மா. நான்தான், படுத்துகினு கீறேன், அதுவரிக்கும் வேற கம்பெனில போட்டுக்கோங்கன்னு சொன்னேன்" என்றார். குரல் மெலிந்திருந்தது. "ஆமா, சொக்கம்மாவுக்குத் தண்ணி போச்சா?"

சொக்கம்மாள், அட்டை எண் 407. நோட்டில் இல்லை, போனும் இல்லை, நேரிலும் வரவில்லை.

"போவலியா? அய்யய்யோ. அது மூணாவது மாடிம்மா. றால் உரிக்கிற கம்பெனில வேல செஞ்சிகினு இருந்துச்சு. கால் முட்டி போயி ஒரு வருசமா கீழயே எறங்கல. அதுக்குன்னு ஆரும் கெடையாது. பக்கத்து வூடும் பூட்டிகீது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நான் போறப்பலாம் ரெண்டு நிமிசம் பேசிட்டு வருவேன். அவ்ளோதான் அதுக்கு."

போனை வைத்தேன். அண்ணாச்சி, "பன்னெண்டு நாளா போன் பண்ணாதவன் வேண்டாம்னு வச்சிட்டான்னு அர்த்தம். விடு, நாளைக்கு உதயா போறப்போ பாக்கட்டும்" என்றார்.

"நான் பண்ணலையே அண்ணாச்சி" என்றேன்.

அவர் வண்டிச் சாவியை எடுத்து உதயாவிடம் கொடுத்தார்.

மணி நாலு. மீன்பாடி வண்டியில் பின்னால் கேன்களோடு கேனாக நானும் உட்கார்ந்துகொண்டேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. உதயா சந்து பார்த்து வளைத்து ஓட்டினார். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. பன்னிரண்டு நாள். குழாய்த் தண்ணீரைக் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். ஒரு வரியை இழுத்துக் கீழே விட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. 

எர்ணாவூர் குடியிருப்பு அடுக்குமாடிகளில் அந்த பிளாக் கடைசியில் இருந்தது. உதயா தோளில் கேனைத் தூக்கிக்கொண்டார். மூன்றாவது மாடியில் இரண்டு கதவுகள். ஒன்றில் பூட்டு. மற்றதில் பூட்டு இல்லை, உள்தாழ். வாசலில் காலி கேன் இல்லை. வழக்கமாக வீட்டில் ஆள் இருந்தால் காலி கேன் வாசலில் இருக்கும்.

தட்டினேன். சத்தம் இல்லை. பலமாகத் தட்டினேன். "சொக்கம்மா! தங்கபுஷ்பம் வாட்டர்ல இருந்து வர்றோம்" என்று கத்தினேன். கீழ்மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "அதுவா? கண்ணுல பாத்தே பத்து நாள் ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உதயா கேனை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "கதவ ஒடைக்கணுமாக்கா?" என்றார் மெதுவாக.

 எத்திராஜ் அண்ணனுக்கே மறுபடி போன் போட்டேன்.

"கதவ தட்டினீங்களா? கதவ தட்டினா தொறக்காதும்மா" என்றார் அவர். "ஓட்டு கேக்க வரவன், கணக்கெடுக்க வரவன் எல்லாம் கதவத்தான தட்டறான். வூட்ல இருந்த அண்டாவ ஒர்த்தன் அப்டி தட்டித்தான் தூக்கினு போனான். அதுலேந்து தொறக்காது. காலி கேன தட்டு. ரெண்டு தட்டு, கேப்பு வுட்டு ஒரு தட்டு."

காலி கேன் கீழே வண்டியில் இருந்தது. உதயா இரண்டிரண்டு படியாகத் தாவிப் போய் எடுத்து வந்தார். கதவருகே வைத்துக் கையால் தட்டினார். தொம் தொம். தொம்.

ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினார். உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. நாற்காலியைத் தரையில் நகர்த்துகிற சத்தம், நகர்த்தி நின்று, மறுபடி நகர்த்துகிற சத்தம். எவ்வளவு நேரம் ஆனதோ, தாழ்ப்பாள் விலகியது.

ஐம்பத்தெட்டு அறுபது இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. உதயாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார்.

"எத்திராஜ் செத்துட்டானா?" என்றார்.

"இல்லம்மா. ஆபரேஷன். நல்லாருக்காரு. வீட்டுல இருக்காரு."

அந்த அம்மாள் நாற்காலியைத் திருப்பி அதில் உட்கார்ந்தார். "அப்போ நான் செத்துட்டேன்னு நென்ச்சிகினீங்களா?" என்று கேட்டார்.

 உதயா கேனை உள்ளே கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தார். நான் ஒரு சொம்பில் பிடித்துக் கொடுத்தேன். நிறுத்தாமல் குடித்தார். அடுப்புமேல் பெரிய பாத்திரத்தில் காய்ச்சிய குழாய்த் தண்ணீர் மூடி வைத்திருந்தது. திறந்தால் துரு வாடை அடித்தது. அதைக் குடித்து மூன்று நாள் வயிற்றாலே போனதாம். இப்போது தேவலையாம். காலி கேன் இரண்டு மூலையில் இருந்தன. வாசலில் வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள் என்று உள்ளேயே வைத்துக்கொண்டாராம்.

"ஏம்மா, யாரையாவது கூப்ட்டு ஒரு போன் பண்ணச் சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்கும்போதே நான் யார் இதைக் கேட்க என்று தோன்றியது.

"இன்னான்னு கேக்கறது? கேட்டா, உன்ன வுட்டுட்டோம்னு சொல்லுவ. அத்த காதால வேற கேக்கணுமா? வராதவன வான்னு கூப்புட்டு எனக்குப் பழக்கம் இல்ல." அவர் சொம்பைக் கீழே வைத்தார். "எத்திராஜ் பூட்டான்னு நென்ச்சேன். ராத்திரிலாம் அழுதேன், மெய்யாலும். அவன் பொண்டாட்டிக்கு சொல்லி அனுப்பக்கூட எனக்கு ஆளு இல்ல."

"அது என் தப்புங்க. அவரும் விடல, அண்ணாச்சியும் விடல. பட்டியல்ல நான் செஞ்ச தப்பு. உங்க எல்லாருக்கும் எத்திராஜ் அண்ணன் நம்பரையே போட்டு வெச்சிருந்தேன். ஒருத்தர் மட்டும் மிஞ்சிட்டாரு, மத்தவங்க அழிஞ்சிட்டீங்க" என்றேன்.

அவர் கேட்டார்: "எத்தினி பேரு?"

"மொத்தமா இருபத்தஞ்சு."

"அவ்ளோ பேரா?" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது. தன்னை மட்டும் யாரும் பொறுக்கியெடுத்து ஒதுக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கும் காலையில் அப்படித்தான் இருந்தது.

உதயா போனை எடுத்தார். ஆப்பில் அவரை மறுபடி சேர்க்க வேண்டும். சேர்த்தால்தான் மூன்றாம் நாள் அந்த வீடு அவருக்குக் காட்டும். போன் நம்பர் கேட்டது. நம்பர் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. கேன் இறக்கியதும் அந்த நம்பருக்கு நான்கு இலக்க எண் ஒன்று வரும். அதை வாங்கிப் போட்டால்தான் டெலிவரி முடிந்ததாகக் கணக்கு. அதனால் வாய்க்கு வந்த நம்பரையும் போட முடியாது.

"போன் இருக்காம்மா?"

"இருந்துச்சு. தண்ணில வுழுந்துச்சு. அப்டியே வுட்டுட்டேன். பேசறதுக்கு ஆளு இல்லாத போனுக்கு மாசாமாசம் எதுக்கு துட்டு கட்டணும்?"

எத்திராஜ் அண்ணன் நம்பரில் அப்பாவு இருக்கிறார். ஆபீஸ் நம்பரில் தண்ணீர்ப் பந்தல். பக்கத்து வீடு பூட்டு. உதயா தன் நம்பரைப் போடப் பார்த்தார், அதில் அவர் அம்மா வீடு இருக்கிறது. "இன்னாக்கா பண்றது?" என்றார்.

போனை வாங்கி என் நம்பரைத் தட்டினேன். இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், மாற்றவா என்று கேட்டது. மொத்தமாக ஏற்றும்போது காட்டாத மரியாதையை ஒவ்வொருவராகச் சேர்க்கும்போது காட்டுகிறது. கீழே சின்ன எழுத்தில் குணசுந்தரி, தேரடிப் பின்தெரு என்று இருந்தது. காலையில்தான் சேர்த்தேன். ஒரு கேன்கூட வந்திருக்கவில்லை.

ஆம் என்பதைத் தொட்டேன். அந்தப் பெயர் போய், சொக்கம்மாள், மூன்றாவது மாடி என்று வந்தது. குறிப்பு என்ற இடத்தில் அட்டை எண்ணோடு, கதவைத் தட்டக் கூடாது, காலி கேனைத் தட்டவும் என்று எழுதினேன். கிளம்பும்போது அந்த அம்மாள் உதயாவைப் பார்த்து, "அந்தத் தட்டு மறந்துறாத" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் தனித்தனி நம்பர் வாங்கிச் சரி செய்து முடித்த பிறகு இரண்டு பட்டியலையும் மறுபடி ஒப்பிட்டேன். வேறு கம்பெனிக்குப் போன மூன்று பேரையும் அண்ணாச்சி பேசித் திரும்ப வாங்கிவிட்டார். இந்த முறை ஒப்பிட்டது அட்டை எண்ணை வைத்துத்தான். பழையதில் இருந்து புதியதில் இல்லாதவர், ஒருவர்.

"யாரு அந்த ஒண்ணு?" என்றார் அண்ணாச்சி, தூரத்திலிருந்தே.

"அவங்களுக்கு வேண்டாமாம் அண்ணாச்சி. நானே கேட்டுட்டேன்."

"சரி, அடிச்சிரு."

அன்று சாயங்காலமும் கடையில் இரண்டு பாட்டில் வாங்கினேன். அதே கடை, அதே பாட்டில். ஆனால் இந்த முறை யார்மேலும் கோபம் இல்லாததால் பை லேசாகத்தான் இருந்தது. வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டால் அதே அறைதான். அதற்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு வார விடுமுறை. எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் பத்து மணி வரை பாயிலேயே கிடந்தேன். போனில் குறுஞ்செய்தி வந்தது. நான்கு இலக்கம். அடுத்த நிமிடமே உதயா கூப்பிட்டார்.

"அக்கா, கேன் எறக்கிட்டேன். நம்பர் சொல்லு."

"ஏழு, ரெண்டு, ரெண்டு, அஞ்சு."

"ஆங், ஆயிடுச்சு." பின்னால் ஏதோ குரல் கேட்டது. உதயா, "இன்னாம்மா?" என்று அந்தப் பக்கம் கேட்டுவிட்டு மறுபடி என்னிடம் வந்தார். "அக்கா, சொக்கம்மா கேக்குது. நம்பர் சொல்றது அன்னிக்கு வந்த பொண்ணா, அது சாப்ட்டுச்சான்னு கேளுங்குது."

வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஆச்சு என்று.

"இல்லன்னு சொல்லு உதயா" என்றேன். "இன்னும் சாப்பிடல."